அச்சகத்துக்குப் பெயர் வைத்தல்: தரமும் வேகமும் ஒரே பலகையில் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

"விரைவு அச்சகம்" என்றோ "தரம் பிரிண்ட்ஸ்" என்றோ நேரடியாகவே வைத்துவிட்டால் என்ன?

வைக்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அப்படி வைத்த பெயர் வாடிக்கையாளரின் மனதில் பெயராகத் தங்காது, பொருளாகத்தான் தங்கும். ஒரு மாதம் கழித்து நண்பரிடம் சொல்லும்போது "அந்த ஸ்பீடு பிரிண்ட்ஸில் கொடுத்தேன்" என்பார். இன்னொருவர் "எக்ஸ்பிரஸ்" என்பார். மூன்றாமவர் "குவிக்" என்பார். நீங்கள் வைத்தது விரைவு. அவர் தேடுவது அதே பொருள் கொண்ட வேறொரு சொல்லை. அந்தச் சொல்லில் வேறு யாராவது கடை வைத்திருப்பார்கள், ஆர்டர் அங்கே போய்விடும்.

இன்னொரு சிக்கல் அச்சுத் தொழிலுக்கே உரியது. இங்கே ஒரு பிழை நடந்தால் அது ஒரு பிழையாக நிற்பதில்லை, ஆயிரம் பிரதிகளாகப் பெருகிக் கட்டுக்கட்டாகக் கைக்கு வருகிறது. தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் மாறிய அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவருக்கு இது தெரியும். அவரிடம் போய் வேகம், வேகம் என்று மட்டும் சொன்னால், அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலம்தான் அவர் நினைவுக்கு வரும். தரம் என்று மட்டும் சொன்னாலோ, நாளைக்குக் கிடைக்காது என்று முடிவு கட்டிவிடுவார். ஆகவே ஒன்றைச் சொல்லும்போது மற்றதைக் கெடுக்காமல் சொல்ல வேண்டும். அச்சகப் பெயரில் உள்ள சிரமமே இதுதான்.

இரண்டையும் ஒரே பெயரில் அடக்க முடியாதா? ஒன்றைத்தான் சொல்ல முடியும் என்றால் எதைச் சொல்வது?

அடக்க முயன்ற பெயர்கள் பெரும்பாலும் நீண்டுவிடுகின்றன. "துரித வண்ணத் துல்லிய அச்சகம்" என்று எழுதிப் பாருங்கள். வாயில் நிற்காது, பலகையிலும் நிற்காது. நீளமான பெயரைக் கேட்டு யாருக்கும் வேகம் என்ற எண்ணம் வருவதில்லை.

நான் பரிந்துரைப்பது இதுதான்: தரத்தைப் பெயரின் பொருளில் வையுங்கள், வேகத்தைப் பெயரின் ஓசையில் வையுங்கள், வேகத்தைப் பற்றிய வெளிப்படையான வாக்குறுதியைப் பெயருக்குக் கீழே வரும் சிறு வரியில் வையுங்கள். காரணம் எளிது. தரம் என்பது கடையின் குணம், மெஷின் மாறினாலும் ஆள் மாறினாலும் காப்பாற்றிக்கொள்ள முடியும். வேகமோ அன்றாட நிலவரம். வேலை குவிந்திருக்கும் மாதத்தில் ஒன்றாகவும் ஓய்ந்திருக்கும் மாதத்தில் ஒன்றாகவும் இருக்கும். நாளுக்கு நாள் மாறுவதை மாற்ற முடியாத பெயரில் பொறித்துவிடக் கூடாது. கீழ்வரியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

ஓசையில் வேகம் என்றால், நான்கைந்து எழுத்துக்குள் முடிவது, ஒரே மூச்சில் சொல்லக்கூடியது, க், ச், ட், ப் போன்ற வல்லெழுத்து எங்காவது அழுத்தமாக விழுவது. "கணை" என்பதையும் "மென்னிழைவு" என்பதையும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது அழகான சொல்தான், ஆனால் நாளைக் காலைக்குள் அட்டை வேண்டும் என்பவர் அந்தக் கதவைத் தட்டத் தயங்குவார்.

"ஒரு மணி நேரம்", "உடனடி" போன்ற சொற்களைப் பெயரில் சேர்த்தால் ஆட்கள் ஓடி வருவார்களே?

ஓடி வருவார்கள், வந்த பிறகு நின்று சண்டையும் போடுவார்கள். எந்த நேரத்திலிருந்து ஒரு மணி? அவர் கைபேசியிலிருந்து படத்தை அனுப்பிய நேரத்திலிருந்தா, அந்தப் படம் அச்சுக்கு உதவாது என்று நீங்கள் சொல்லி அவர் வேறு கோப்பு கொடுத்த நேரத்திலிருந்தா, மெய்ப்புப் பார்த்து "சரி" என்று ஒப்புதல் தந்த நேரத்திலிருந்தா? உங்கள் கணக்கு மூன்றாவதிலிருந்து தொடங்கும், அவருடையது முதலாவதிலிருந்து தொடங்கும். பெயரில் நேரம் இருந்தால் இந்தத் தகராறு கல்லாவுக்கு முன்னால் தினமும் நடக்கும்.

அச்சு வேலையில் சில காத்திருப்புகளை எந்த மெஷினாலும் குறைக்க முடியாது. டோனரில் அச்சடிக்கும் டிஜிட்டல் மெஷினிலிருந்து தாள் உலர்ந்தே வெளிவரும், உடனே வெட்டலாம். வழக்கமான ஆஃப்செட் மை அப்படியல்ல. தாளில் படிந்த பிறகு காற்றுடன் சேர்ந்து இறுகுவதற்குப் பல மணி நேரம் எடுக்கும். பொறுக்காமல் வெட்டினால் அடித்தாளின் மை மேல்தாளின் முதுகில் ஒட்டும். புற ஊதா விளக்கில் உலரும் மை வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. பேனர், ஸ்டிக்கர் அடிக்கும் சால்வென்ட் மையில் உள்ள கரைப்பான் ஆவியாகி வெளியேறாமல் மேலே லேமினேஷன் போட்டால், ஓரங்கள் சுருண்டு எழும்பும். அதற்காகவே ஒரு நாள் காயவிடுவது வழக்கம். புத்தக முதுகுக்குப் பியூஆர் பசை போட்டால் அது முழு உறுதி அடைய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும்.

விசிட்டிங் கார்டும் சிறு துண்டறிக்கையும் மட்டும் டிஜிட்டலில் அடிப்பவர் "உடனடி" என்று சொல்லிக்கொண்டால் ஓரளவு பொருந்தும். மற்ற வேலைகளையும் எடுப்பவரிடம் அந்தப் பெயர் இருந்தால், பாதி வாடிக்கையாளர்களிடம் பெயருக்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வேகத்தைக் குறிப்பாகச் சொல்ல எந்த மாதிரிச் சொற்கள் உதவும்? எவை காலை வாரும்?

விரைந்து போகும் பொருள்களின் பெயர்கள் எப்போதும் நல்ல இடம்: கணை, புரவி, சிட்டு, மின்னல். இவற்றில் மின்னல் தேய்ந்துவிட்டது. தவிர, மின்னல் பளிச்சென்று தோன்றி மறைவது. நின்று நிலைக்க வேண்டிய அச்சுக்கு அந்தக் குணம் உகந்ததா என்று யோசிக்க வேண்டும். புரவியில் வேகத்தோடு மிடுக்கும் சேர்ந்திருக்கிறது. சிட்டு சிறியது, சுறுசுறுப்பானது, "சிட்டாய்ப் பறந்தான்" என்று நாமே சொல்கிறோம்.

காலத்தைச் சொல்லும் சொற்களில் கவனம் வேண்டும். "நொடி" என்பது விரைவுதான், ஆனால் தொழில் நொடித்துப்போவதும் அதே எழுத்துகளில்தான் இருக்கிறது. கடன் கேட்டுப் போகும் இடத்தில் அந்தப் பெயர்ப் பலகை நன்றாக இருக்காது. "அவசரம்" என்பதை அவசர சிகிச்சைக்கு விட்டுவிடலாம். "மை காயும் முன்" என்று ஒரு பெயர் கேட்பதற்குக் கவித்துவமாகத் தோன்றும். தொழில் தெரிந்தவருக்கோ கையெல்லாம் மை அப்பிய துண்டறிக்கைதான் கண்ணுக்குள் வரும். வேகத்தைச் சொல்லும் சொல் எதுவானாலும், அதைக் கேட்டவுடன் அச்சில் நேரக்கூடிய கெடுதல் ஏதாவது நினைவுக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

தரத்துக்கு? "துல்லியம்", "நேர்த்தி" தவிர வேறு ஏதாவது?

தொழிலுக்குள்ளேயே தேடுங்கள். நான்கு வண்ணங்களும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்காருவதுதான் வண்ண அச்சின் உயிர். அதை ரெஜிஸ்டர் என்கிறோம். அது கொஞ்சம் விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்பு நிழல் ஒன்று தெரியும். இந்தப் பொருத்தத்தைச் சொல்லும் சொற்கள், நேர், பொருத்தம், கச்சிதம் போன்றவை, வெறும் புகழ்ச்சியாக இல்லாமல் வேலையைக் கண்ணுக்குக் காட்டும். "கச்சிதம்" என்று சொன்னாலே ஓரம் நேராக வெட்டிய அட்டைக் கட்டு ஒன்று தெரிகிறது. மை, தாள், முத்திரை, வார்ப்பு ஆகியவையும் நல்ல வேர்ச்சொற்கள். இவற்றில் "மை" ஓரெழுத்துச் சொல், தனியாக நிற்காது, துணை வேண்டும்.

உரிமையாளரின் பெயரையே வைப்பதும் தரத்தைச் சொல்லும் பழைய வழி. பெயருக்குரியவர் பொறுப்பேற்பார் என்ற நம்பிக்கை வருகிறது. ஆனால் அந்தப் பெயரில் வேகம் எதுவும் இல்லை, கடையைக் கைமாற்றும்போது பெயரையும் சேர்த்து விற்க வேண்டியிருக்கும். முதலெழுத்துகள் மட்டும் கொண்ட பெயர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவை தரத்தையும் சொல்வதில்லை, வேகத்தையும் சொல்வதில்லை.

"ஏ1", "எச்டி", "லேசர்", "4 கலர்" போன்றவை?

ஏ1 என்பது 594 × 841 மில்லிமீட்டர் தாள். அந்தப் பெயர் வைத்தால், "உங்களிடம் ஏ1 அளவில் வரைபடம் அடிக்க முடியுமா" என்று கேட்டு அழைப்பு வரும். பெரிய பிளாட்டர் இருந்தால் நல்ல விளம்பரம், இல்லாவிட்டால் தினமும் மறுத்துக்கொண்டிருக்க வேண்டும். தொழில்நுட்பச் சொற்களுக்கு ஆயுள் குறைவு. "4 கலர்" என்பது ஒரு காலத்தில் பெருமை, இப்போது எல்லா மெஷினும் அதைச் செய்கிறது. "டிஜிட்டல்" என்ற சொல்லும் அதே பாதையில் போய்க்கொண்டிருக்கிறது.

"ஜெராக்ஸ்" என்று சேர்த்தால் எல்லாருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் அது ஒரு நிறுவனத்தின் வணிகக்குறி. செஸ்டர் கார்ல்சன் 1938-இல் கண்டுபிடித்த உலர் நகலெடுப்பு முறைக்குப் பின்னாளில் சூட்டப்பட்ட பெயரிலிருந்து அந்த நிறுவனம் தன் பெயரை உருவாக்கிக்கொண்டது. பேச்சில் யாரும் சொல்லிக்கொள்ளலாம். கடையின் பெயராகப் பதிவு செய்யப் போனால் மறுப்பு வரலாம், அறிவிப்பும் வரலாம். சட்டத்தை விட்டுவிட்டாலும், நகலெடுக்க வருபவர் ஒன்றிரண்டு பக்கங்களோடு வருபவர். அந்தச் சொல் பலகையில் இருக்கும் வரை, நூறு பக்கப் புத்தகத்தையோ நல்ல அட்டையையோ உங்களிடம் கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. நகல் எடுத்துத் தருவதைக் கண்ணாடிக் கதவில் ஒரு வரியாக ஒட்டிக்கொள்ளுங்கள்.

பெயருக்குப் பின்னால் அச்சகம், பிரஸ், பிரிண்ட்ஸ், கிராபிக்ஸ்: எதைப் போடுவது?

"அச்சகம்" என்றால் புத்தகம், பில் புத்தகம், பெரிய எண்ணிக்கை என்று மனதில் விரியும். கனமான சொல், தரத்துக்கு உதவும், வேகத்தைக் கொஞ்சம் இழுக்கும். "பிரிண்ட்ஸ்" என்றால் உள்ளே நுழைந்து காத்திருந்து வாங்கிப் போகலாம் என்ற எண்ணம். "கிராபிக்ஸ்" போட்டால் வடிவமைப்பையும் நீங்களே செய்து தருவீர்கள் என்று எதிர்பார்ப்பார்கள், அதுவும் இலவசமாக. "பிரஸ்" என்பதைச் செய்தியாளர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. "பதிப்பகம்" வேறு தொழில். அதைப் போட்டால் கவிதைத் தொகுப்போடு ஆட்கள் வரத் தொடங்குவார்கள்.

முன்பாதி விரைவாக ஒலித்தால் பின்பாதிக்கு "அச்சகம்" சேர்த்து நிலைநிறுத்தலாம். முன்பாதி கனமாக இருந்தால் "பிரிண்ட்ஸ்" சேர்த்து இலகுவாக்கலாம்.

ஒரு கடையை எடுத்துக்கொண்டு, பெயர் தேர்ந்தெடுப்பதை முழுவதுமாகக் காட்ட முடியுமா?

ஒரு சிறு கடை என்று வைத்துக்கொள்வோம். டோனர் டிஜிட்டல் மெஷின் ஒன்று, 300 ஜிஎஸ்எம் அட்டை வரை ஏற்கும். கட்டிங் மெஷின், லேமினேஷன், கிரீசிங், புத்தக பைண்டிங் ஆகியவை உள்ளேயே உண்டு. ஆஃப்செட் வேலையும் பேனரும் வெளியே கொடுத்து வாங்குகிறார்கள். வருமானம் பெரும்பாலும் விசிட்டிங் கார்டு, அழைப்பிதழ், குறைந்த பிரதி புத்தகங்கள்.

முதலில் பெயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு தாளில் எழுத வேண்டும். கார்டு என்றால் கோப்பு சரிபார்த்தல், மெய்ப்பு, அச்சு, லேமினேஷன், வெட்டு. ஒப்புதல் காலையில் கிடைத்தால் மாலைக்குள் கொடுத்துவிடலாம். புத்தகத்துக்குக் கணக்கு வேறு. ஏ5 அளவில் 160 பக்கம், 100 பிரதி என்றால் ஒரு பிரதிக்கு 80 இதழ், மொத்தம் 8000 இதழ். பெரிய தாளில் நான்கு இதழ்கள் அடங்கும், ஆக 2000 தாள்கள் இருபுறமும் அச்சாக வேண்டும். நிமிடத்துக்கு 17 தாள் இருபுறம் அடிக்கும் மெஷினில் இது ஏறத்தாழ 2 மணி நேர வேலைதான். ஆனால் மேலட்டை, லேமினேஷன், பசை, ஆறவைத்தல், மூன்று பக்கமும் வெட்டுதல் எல்லாம் சேர்ந்து 2 நாள் ஆகிவிடும். ஆசிரியர் மெய்ப்பைத் திருப்பித் தர ஒரு வாரம் எடுத்தால் அதற்குக் கணக்கே இல்லை.

இந்தத் தாளைப் பார்த்தவுடனே ஒன்று முடிவாகிறது. கார்டுக்கு "அன்றே" என்று சொல்லலாம், புத்தகத்துக்குச் சொல்ல முடியாது. எனவே பெயரில் காலம் வராது.

அடுத்து நான்கு பெயர்களை எடுத்து வைப்போம்: சிட்டு, மெய்ப்பு, கையோடு, கச்சிதம்.

"சிட்டு" கேட்கச் சுறுசுறுப்பு. ஆனால் இரைச்சலான இடத்திலிருந்து தொலைபேசியில் சொல்லும்போது "சீட்டு" என்றோ "சிட்டி" என்றோ எதிர்முனையில் விழும். இரண்டுமே வேறு கடைப் பெயராக இருக்கும் வாய்ப்பு மிகுதி. குறில் நெடில் ஒன்று மாறினாலே வேறு சொல்லாகிவிடும் பெயருக்குத் தொலைபேசி ஆகாது.

"மெய்ப்பு" அருமையான தொழிற்சொல். பிழை திருத்தும் படியைக் குறிப்பது, உள்ளே மெய்யும் இருக்கிறது. ஆனால் தொழிலுக்கு வெளியே உள்ள பலருக்குத் தெரியாது, கொஞ்சம் நீட்டினால் "மேய்ப்பு" ஆகி ஆடு மாடு வந்துவிடும். எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் மட்டுமே வாடிக்கையாளர் என்றால் நான் இதைத்தான் வைப்பேன்.

"கையோடு" என்ற சொல்லில் வேகமும் இருக்கிறது, கைவேலையும் இருக்கிறது. மிகவும் ஆசைப்பட வைக்கும் பெயர். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். "கையோடு அச்சகத்தில் கொடுத்துவிட்டேன்" என்றால் பெயரா, "உடனே கொடுத்துவிட்டேன்" என்பதா? ஒரு பெயர் மற்றவர் வாயில் வாக்கியமாக வரும்போது பெயராகவே கேட்க வேண்டும்.

"கச்சிதம்" இந்தச் சோதனைகளில் தேறுகிறது. எல்லாருக்கும் தெரிந்த சொல், தரத்தை நேரே சொல்லாமல் காட்டுகிறது, நடுவில் அழுத்தமான ச்ச விழுவதால் இழுவை இல்லை. "கச்சிதத்தில் கொடுத்தேன்" என்றால் கடை என்றுதான் கேட்கிறது. குறைகளும் உண்டு. சிறியது, அளவானது என்ற சாயல் இருப்பதால் பேனர் வேலை தேடுபவரை ஈர்க்காது; இந்தக் கடைக்கு அது நஷ்டமில்லை. ஆங்கில எழுத்தில் `kachitham`, `kachidam`, `kachchitham` என்று மூன்று விதமாக எழுதுவார்கள். கோப்புகள் எல்லாம் மின்னஞ்சலிலும் இணைப்பிலும்தான் வருகின்றன என்பதால் இதைச் சாதாரணமாக விட முடியாது. ஒன்றைத் தேர்ந்து எல்லா இடத்திலும் அதையே எழுதி, முடிந்தால் மற்ற இரண்டு முகவரிகளையும் வாங்கி இதற்கே திருப்பிவிட வேண்டும்.

கடைசியில் "கச்சிதம் பிரிண்ட்ஸ்" என்றா "கச்சிதம் அச்சகம்" என்றா? புத்தகமும் செய்வதால் அச்சகம். கீழ்வரி: "காலையில் ஒப்புதல், மாலையில் அட்டை". வேகம் இப்போதுதான் வெளிப்படையாக வருகிறது, அதுவும் எந்த வேலைக்கு, எப்போதிலிருந்து என்ற வரம்போடு.

பெயர் பலகையிலும் அட்டையிலும் எப்படி அமையும் என்பதை முன்கூட்டியே பார்க்க வேண்டுமா?

அச்சகத்துக்கு மற்ற எந்தக் கடையைவிடவும் இது முக்கியம். ஏனென்றால் உங்கள் பெயர் நீங்கள் அடித்த வேலையின் அடியிலேயே, "அச்சிட்டோர்" என்ற வரியில், 6 பாயின்ட் அளவு எழுத்தில் போகிறது. அந்த வரிதான் உங்களுக்குக் கிடைக்கும் மிக மலிவான விளம்பரம். அந்த அளவில் ணை, ஞ, ஸ்ரீ போன்ற நெருக்கமான வடிவங்களின் உள்வெளிகள் மையால் அடைபடும்.

பலகைக்கு வந்தால் எண்ண வேண்டியவை புள்ளிகள். வெட்டு ஸ்டிக்கரில் ஒவ்வொரு மெய்யெழுத்துப் புள்ளியும் தனித் துண்டு. முதலில் உரிந்து விழுவதும் அதுதான். உள்ளே விளக்கெரியும் தனி எழுத்துப் பலகையில் ஒவ்வொரு புள்ளியும் தனிப் பெட்டி, அதற்குத் தனி ஒயர். "க்விக் பிரிண்ட்ஸ்" என்று எழுதினால் ஐந்து புள்ளிகள். "கச்சிதம்" என்பதில் இரண்டு. மழைக்குப் பின் இரண்டு புள்ளிகள் அணைந்து "பிரிணடஸ்" என்று எரியும் பலகைக்குக் கீழே உட்கார்ந்து தரத்தைப் பற்றிப் பேச முடியாது.

முடிவு செய்யும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் மெஷினிலேயே பெயரை 6 பாயின்ட் அளவில் கறுப்பில் ஒரு வரி அடியுங்கள். அடுத்த வரியில் நான்கு வண்ணம் கலந்த கரும்பரப்பில் வெள்ளை எழுத்தாக அதே பெயரை விடுங்கள். இரண்டாவதில் புள்ளிகள் அடைந்துபோனால் அல்லது ஓரத்தில் நிறம் கசிந்தால், ஒன்று எழுத்துருவை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெயரைச் சுருக்க வேண்டும்.

பெயரில் ஒற்று வருமா வராதா என்று குழப்பமாக இருக்கிறது. இதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

கவனிப்பவர்கள்தான் உங்களுக்கு வேண்டிய வாடிக்கையாளர்கள். புத்தகம் கொடுக்க வந்த ஆசிரியர் பலகையில் "வண்ண கலை அச்சகம்" என்று பார்த்தால், உள்ளே நுழையாமலே திரும்பினாலும் ஆச்சரியமில்லை. வண்ணக்கலை என்றுதான் வர வேண்டும். "புது பொலிவு" தவறு, புதுப்பொலிவு. மற்ற தொழில்களில் இது சிறு குறை. அச்சகத்தில் இதுவே தரத்துக்கான முதல் சான்று.

நான் சொல்வது: ஒற்றுக் குழப்பம் வரக்கூடிய கூட்டுச்சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். நீங்கள் சரியாக எழுதினாலும், காசோலையில் எழுதுபவரும் கைபேசியில் தேடுபவரும் ஒற்றை விட்டுவிடுவார்கள். ஒரே சொல்லாக முடியும் பெயருக்கு இந்தத் தொல்லை கிடையாது.

வணிகக்குறியாகப் பதிவு செய்யும்போது எதைப் பார்க்க வேண்டும்?

செய்யும் தொழிலையோ அதன் குணத்தையோ அப்படியே விவரிக்கும் சொல்லை ஒருவருக்கு மட்டும் உரிமையாக்கப் பதிவகங்கள் பொதுவாகத் தயங்கும். "விரைவு அச்சு" என்று எழுத எல்லா அச்சகத்துக்கும் தேவை இருக்கிறது அல்லவா? குறிப்பால் உணர்த்தும் சொல்லுக்கும், தொழிலோடு தொடர்பில்லாத சொல்லுக்கும் பாதுகாப்பு கூடுதல். இந்த அளவுகோலில் "புரவி" வலுவானது. "கச்சிதம்" புகழ்ச்சொல்லின் பக்கம் சாய்வதால் அதைவிடப் பலவீனமானது. இதை அறிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். வேண்டுமானால் தனித்துவமான எழுத்து வடிவத்தோடும் சின்னத்தோடும் சேர்த்துப் பதிவு செய்யலாம்.

தேடும்போது சரியான வகுப்பில் தேடுங்கள். வணிகக்குறிப் பதிவுக்காகப் பொருள்களையும் சேவைகளையும் வகுப்புகளாகப் பிரிக்கும் சர்வதேச நீஸ் வகைப்பாட்டில் அச்சிட்டுத் தரும் சேவை 40-ஆம் வகுப்பு, நகலெடுப்பு 35, நாள்காட்டி, டைரி போன்ற அச்சுப் பொருள்களை உங்கள் பெயரிலேயே விற்றால் 16. ஒரு வகுப்பில் இல்லாத பெயர் இன்னொன்றில் இருக்கலாம். ஒலி ஒத்த பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும், எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒத்தால் எதிர்ப்பு வரும். நாட்டுக்கு நாடு நடைமுறை வேறுபடுவதால் விண்ணப்பத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கீழ்வரியில் எவ்வளவு தூரம் வாக்குக் கொடுக்கலாம்?

மிக மோசமான வாரத்திலும் காப்பாற்றக்கூடிய அளவுக்கு. ஆர்டர் புத்தகத்தைப் புரட்டி, நெருக்கடியான ஒரு மாதத்தில் கார்டு வேலைகள் ஒப்புதலிலிருந்து எத்தனை மணி நேரத்தில் கைக்குப் போயின என்று குறித்துப் பாருங்கள். சராசரியை எடுக்காதீர்கள், கடைசியாகப் போனவற்றை எடுங்கள். அந்த நேரத்தைத்தான் எழுத வேண்டும். "ஒப்புதல்" என்ற சொல்லை வரியிலிருந்து விடவே கூடாது. வெளியே கொடுத்து வாங்கும் வேலைக்கு எந்த நேரமும் எழுதாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை.

ஏற்கெனவே பத்து வருடமாக ஒரு பெயரில் நடத்துகிறேன். "ஆஃப்செட்" என்று இருக்கிறது, இப்போது டிஜிட்டலும் செய்கிறேன். மாற்றலாமா?

முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் மாற்றுங்கள். மக்கள் நினைவில் வைத்திருப்பது முன்பாதியைத்தான். "ஆஃப்செட்" போய் "அச்சகம்" வந்தால் பெரும்பாலானோர் கவனிக்கவே மாட்டார்கள், ஆனால் ஐம்பது அட்டை வேண்டும் என்பவர் இனி தயங்காமல் உள்ளே வருவார். தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் தொடாதீர்கள். "அச்சிட்டோர்" வரியில் ஒரு வருடம் வரை புதுப்பெயருக்கு அடுத்து "முன்பு" என்று போட்டுப் பழைய பெயரையும் அடியுங்கள். கையிருப்பில் உள்ள பழைய பில் புத்தகங்களை என்ன செய்வது என்பதை மட்டும் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.